ஆனியில் மழைக்காலமா, முதுவேனிலா?

ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது என்று செய்திகள் சொல்லும். அதே வாரத்தில் சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் வெயில் 37, 38 டிகிரியில் கொளுத்திக்கொண்டிருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். தமிழ் மரபின் கணக்கில் ஆனியும் ஆடியும், அதாவது ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, முதுவேனில். ஒரே நாட்களை ஒரு கணக்கு மழை என்கிறது, மற்றொன்று முற்றிய கோடை என்கிறது. தமிழ்நாட்டின் சமவெளியில் நிற்பவருக்கு எது சரி?

முதலில் வானிலைத் துறையின் கணக்கைப் பார்ப்போம். அது ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம், மார்ச் முதல் மே வரை கோடை, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இந்தப் பிரிவு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ராஜஸ்தானுக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒரே மழைக்காலம். மழை அளவுகளை மாத வாரியாகக் கூட்டவும், ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிடவும் இப்படி முழு மாதங்களாக வைத்துக்கொள்வதுதான் வசதி. வெப்பமண்டலத்தில் குளிரையும் வெயிலையும் வைத்து ஆண்டைப் பிரிப்பது கடினம். சென்னையின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக வெப்பமான மாதத்துக்கும் இடையே சராசரியில் எட்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் அதிகம். அதனால் இங்கே பருவங்களைக் காற்றின் திசையும் மழையும்தான் நிர்ணயிக்கின்றன.

அந்த அளவுகோலாலேயே ஜூனை அளந்து பார்க்கலாம். சென்னையில் ஜூன் மாதத்தின் சராசரி மழை 6, 7 செ.மீ. அளவில்தான் இருக்கிறது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அது மாதத்துக்கு 13, 14 செ.மீ. ஆகிறது. அக்டோபரில் சுமார் 30, நவம்பரில் 40 செ.மீ.க்கு அருகில். வெயிலில் ஜூன் ஏப்ரலைவிடக் கடுமையானது. மே மாதத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். தென்மேற்குக் காற்று ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. அந்த மேற்குக் காற்று வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று கரைக்குள் நுழையவும் தாமதமாகிறது. பிற்பகல் மூன்று மணிக்குக் கடற்கரையிலேயே அனல் வீசுவது இதனால்தான். ஆகவே தமிழகச் சமவெளியைப் பொறுத்தவரை முதுவேனில் என்ற பெயர்தான் ஜூனுக்குப் பொருந்துகிறது. மழைக்காலம் என்ற பெயர் நாட்டின் கணக்குப் புத்தகத்துக்குச் சரி, நம் நிலத்துக்குச் சரியில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் இந்தத் தீர்ப்பு தலைகீழாகிவிடும். கேரளத்தில் ஜூனும் ஜூலையும்தான் ஆண்டின் அடைமழை மாதங்கள். இந்தப் பக்கத்திலும் மலையடிவாரம் விதிவிலக்கு. குற்றாலத்தில் சீசன் என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். தாமிரபரணிப் பாசனத்தில் கார் சாகுபடி ஜூனிலேயே தொடங்கிவிடுகிறது, ஏனென்றால் மலையில் பெய்த மழை பாபநாசம் அணையை நிரப்புகிறது. நெல்லுக்குக் கார் வந்துவிட்டாலும் மரபின் பருவ வரிசையில் கார் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஆற்றில் வரும் தண்ணீருக்கும் தலைக்கு மேல் பெய்யும் மழைக்கும் உள்ள வித்தியாசம் இது. மரபின் ஆறு பருவக் கணக்கு மேலே பெய்வதைத்தான் பார்க்கிறது.

அந்த ஆறும் வரிசையாக இவை: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி, சித்திரை, வைகாசி இளவேனில், ஆனி, ஆடி முதுவேனில். தொல்காப்பியம் இந்தப் பருவங்களைத் திணைகளோடு சேர்த்துப் பேசுகிறது, முல்லைக்குக் கார், குறிஞ்சிக்குக் கூதிர் என்பதுபோல. எந்தப் பருவத்துக்கு எந்த மாதம் என்ற பங்கீட்டை உரையாசிரியர்கள் வழியாகத்தான் தெளிவாக அறிகிறோம். இதை மறந்துவிட்டால் பின்னால் குழப்பம் வரும்.

வடமொழி மரபிலும் ஆறு ருதுக்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் அவற்றை அதே மாதங்களுக்கு ஒன்றுக்கொன்றாகப் பொருத்தி வைத்திருக்கின்றன: சித்திரை, வைகாசி வசந்தம், ஆனி, ஆடி கிரீஷ்மம், ஆவணி, புரட்டாசி வர்ஷம், ஐப்பசி, கார்த்திகை சரத், மார்கழி, தை ஹேமந்தம், மாசி, பங்குனி சிசிரம். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றின் இரு வடிவங்கள்போலத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நின்று பார்த்தால் அப்படி இல்லை. சரத் என்பது மழை ஓய்ந்து, மேகம் வெளுத்து, ஆறு தெளிந்து, நிலா பளிச்சென்று தெரியும் காலம். கங்கைச் சமவெளியில் அக்டோபர் அப்படித்தான் இருக்கும். அதற்குள் தென்மேற்குப் பருவக்காற்று அங்கிருந்து விலகிவிடுகிறது. நம் கூதிரோ வாடையும் மழையும் இருண்ட வானமுமான காலம். பஞ்சாங்கம் சரத் ருது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது சென்னையில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். ஆறு பருவம் என்ற சட்டகம் பொதுவாக இருந்தாலும், அதற்குள் தமிழர் எழுதிவைத்தது தங்கள் நிலத்து வானத்தைத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கூதிரும் வடகிழக்குப் பருவமழையும் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதி அக்டோபர் 20. ஐப்பசி பிறப்பது அக்டோபர் 17 அல்லது 18. ஒரு வாரம் முன்பின்னாவது சாதாரணம். தொடங்கிவிட்டது என்று அறிவிக்க வானிலையாளர்கள் மழையை மட்டும் பார்ப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடலோர ஆந்திரம் வரையாவது விலகியிருக்க வேண்டும். தமிழகக் கரையில் தரைக்காற்று கிழக்குப் பக்கத்திலிருந்து விடாமல் வீச வேண்டும். அந்தக் கிழக்குக் காற்று தரையிலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை பரவியிருக்க வேண்டும். கடலோரத்தில் பரவலாக மழை பெய்திருக்க வேண்டும். இத்தனையும் கூடினால்தான் அறிவிப்பு.

முதல் நிபந்தனைகள் காற்றைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். செப்டம்பர் இறுதியில் மாலை நேரங்களில் இடியோடு கொட்டும் மழை அளவில் குறைந்ததில்லை. ஆனால் அது மேற்கே உள்நாட்டில் பகல் வெயிலில் எழும்பும் மேகம் கிழக்கு நோக்கி நகர்ந்து வந்து இரவில் கடற்கரையில் கொட்டுவது. வடகிழக்குப் பருவமழையோ கடலிலிருந்து வருவது. விடியற்காலையிலும் கொட்டும், இடி இல்லாமலும் மணிக்கணக்கில் பெய்யும். முன்னது கார், பின்னது கூதிர். வானிலைத் துறை செப்டம்பர் மழையைத் தென்மேற்குக் கணக்கிலும் அக்டோபர் மழையைப் பாதி மாதத்துக்கு முன்பிருந்தே வடகிழக்குக் கணக்கிலும் எழுதுகிறது. மரபின் கணக்கோ ஐப்பசிப் பிறப்பில் கோடு போடுகிறது. இந்த ஓர் இடத்தில் இயற்கையின் மாற்றத்துக்கு அருகில் இருப்பது பழைய கோடுதான். கரையோர மீனவர்களும் மேற்கிலிருந்து வரும் கச்சான் அடங்கி, கொண்டலும் வாடையும் தலைகாட்டுவதை வைத்துத்தான் காலம் மாறியதைச் சொல்கிறார்கள். வானிலையாளர் கருவியில் பார்ப்பதும் அதே திசைமாற்றம்தான்.

பனிக்காலத்துக்கு வரும்போது ஒப்பீடு வேறு விதமாகிறது. ஜனவரி, பிப்ரவரி என்று ஒரே குளிர்காலத்தைக் காட்டும் வானிலைக் கணக்கு இங்கே மிகவும் மெலிந்தது. அந்த இரண்டு மாதங்களில் தமிழகத்தில் மழை அற்பம், குளிரும் அற்பம். அதனால் அளவையாளருக்கு எழுத ஒன்றும் இல்லை. மரபோ மார்கழியிலிருந்து பங்குனி வரை நான்கு மாதங்களை எடுத்து, முன்பனி, பின்பனி என்று இரண்டாகப் பிரிக்கிறது. இரவின் முற்பகுதியில் விழும் பனி, பின்னிரவில் விழும் பனி என்று அதற்குப் பொருள் சொல்வது வழக்கம். இதை வெறும் சொல்லழகு என்று தள்ளிவிட வேண்டாம். பின்னால் இயற்பியல் இருக்கிறது.

பனித்துளி வானத்திலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையும் இலையும் தங்கள் வெப்பத்தை வெளியேற்றிக் குளிர்கின்றன. அவற்றை ஒட்டியுள்ள காற்று, தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குளிர்ந்ததும் ஈரம் துளியாகப் படிகிறது. எவ்வளவு குளிர வேண்டும் என்பது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மார்கழியில் ஏரி நிறைந்திருக்கும், மண் நனைந்திருக்கும், வயலில் நெல் நிற்கும். அந்தி சாயும்போதே காற்று ஈரத்தில் ஊறியிருப்பதால் மூன்று நான்கு டிகிரி இறங்கினால் போதும், எட்டு ஒன்பது மணிக்கே புல் நனைந்துவிடும். மாசியில் அறுவடை முடிந்து மண் காய்ந்திருக்கும். காற்றில் ஈரம் குறைவு, எனவே பத்து டிகிரியாவது இறங்க வேண்டும். இரவு முழுவதும் குளிர்ந்து, விடியலுக்குச் சற்று முன்னால்தான் அந்த நிலை வருகிறது. பனி விழும் நேரம் பின்னிரவுக்குத் தள்ளிப்போகிறது. மொட்டைமாடியில் ஓர் எவர்சில்வர் தட்டை வைத்து, தை மாதத்து இரவு ஒன்பது மணிக்கும் மாசி மாதத்து விடியற்காலை ஐந்து மணிக்கும் தொட்டுப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். மேகமூட்டமான இரவையும் காற்றடிக்கும் இரவையும் தவிர்க்க வேண்டும், அப்போது எந்த மாதத்திலும் பனி படியாது.

பின்பனியைப் பாலைத் திணைக்கு உரியதாகவும் தொல்காப்பியம் சொல்வது முதலில் விசித்திரமாகத் தோன்றும். பனிக்கும் வறட்சிக்கும் என்ன உறவு? வறண்ட காற்றுதான் உறவு. ஈரமில்லாத காற்று பகலில் சீக்கிரம் சூடேறும், இரவில் சீக்கிரம் குளிரும். மார்ச்சில் மதுரை, திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் பகலுக்கும் விடியலுக்கும் இடையே 12, 13 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. பகலில் பாலை, பின்னிரவில் பனி என்பது உண்மையான வானிலை. ஆனால் பங்குனிக் கடைசியில், ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில், பின்பனி என்ற பெயரைக் காப்பாற்ற முடியாது. அப்போது கோடை முழுதாக வந்துவிட்டிருக்கும். இந்த இடத்தில் மார்ச் முதல் தேதியில் கோடையைத் தொடங்கும் வானிலைக் கணக்குதான் சரி.

இளவேனிலில் சிக்கல் இன்னும் பெரிது. கத்திரி வெயில் சித்திரைக் கடைசியில் தொடங்கி வைகாசி நடுவில் முடிகிறது. மே 4 முதல் 28 வரை என்று நாட்காட்டிகள் போடும். ஆண்டின் உச்ச வெயில் இளவேனிலுக்குள் விழுகிறது, முதுவேனிலில் விழவில்லை. சூரியனும் இதைத்தான் சொல்கிறது. சென்னைக்கு அது நேர் உச்சியில் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை. முதல் முறை வரும்போது வானம் தெளிவாகவும் தரை உலர்ந்தும் இருப்பதால் மே மாதத்தில் வெயில் உச்சம் தொடுகிறது.

அப்படியென்றால் இளவேனில், முதுவேனில் என்ற பிரிவு பிழையா? வெப்பமானியை வைத்துப் பார்த்தால் பிழைதான். மரத்தை வைத்துப் பார்த்தால் பிழையில்லை. இளவேனிலின் அடையாளங்கள் வேம்பு பூப்பதும், புங்கம் தளிர்ப்பதும், குயில் கூவுவதும். பங்குனி, சித்திரையில் இவை எல்லாம் நம் கண்முன்னே நடக்கின்றன. முதுவேனிலின் அடையாளங்கள் குளம் வற்றுவது, புல் கருகுவது, ஆடிக்காற்று புழுதி வாரிப் போடுவது. நிலத்தில் உள்ள நீர் ஜனவரியிலிருந்து தொடர்ந்து குறைந்துகொண்டே வந்து, அடுத்த நல்ல மழைக்கு முன்னால், ஆனி ஆடியில்தான் அடிமட்டத்துக்குப் போகிறது. வெயிலின் உச்சம் மே மாதம், வறட்சியின் உச்சம் அதற்கு ஓரிரு மாதம் கழித்து. மரபு இரண்டாவதைத்தான் முதிர்ந்த கோடை என்று எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். மாதங்களே இடம் மாறிவிட்டனவா? மாறியிருக்கின்றன, மெதுவாக. தமிழ் மாதங்கள் சூரியன் ராசிகளில், அதாவது விண்மீன் பின்னணியில், எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. பருவங்களோ பூமியின் சாய்வைப் பொறுத்தவை. பூமியின் அச்சு பம்பரம்போல மெல்லச் சுழல்வதால் இரண்டும் 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகுகின்றன. சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இன்று பொங்கல் 14 அல்லது 15. ஒன்றரை நூற்றாண்டில் இரண்டு மூன்று நாள் நகர்வு. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21க்கும் சித்திரை முதல் தேதிக்கும் இன்று சுமார் 24 நாள் இடைவெளி உண்டு. மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் தந்த அறிக்கையில் இந்த விலகலைச் சுட்டிக்காட்டித்தான், தேசிய நாட்காட்டியின் ஆண்டுத் தொடக்கத்தைச் சம இரவு நாளை ஒட்டி மார்ச் 22இல் வைக்கச் சொன்னது.

விலகலைச் சரிசெய்தால் எல்லாம் பொருந்திவிடுமா? பருவங்களை 24 நாள் முன்னதாக நகர்த்திப் பாருங்கள். பின்பனி மார்ச் 21இல் முடியும், நல்ல பொருத்தம். இளவேனில் மார்ச் 21 முதல் மே 20 வரை, அதுவும் நல்ல பொருத்தம். ஆனால் கூதிர் செப்டம்பர் 23 முதல் நவம்பர் 22 வரை என்றாகும். முதல் மூன்று நான்கு வாரம் வடகிழக்குக் காற்றே வந்திருக்காது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் அவிழ்கிறது. தவிர, உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை ஆன நகர்வு 10, 11 நாள்தான். பங்குனிக் கடைசியின் வெயிலைப் பனிக்காலம் என்று சொல்ல வைத்தது விண்மீன்களின் நகர்வைவிட, ஆண்டை ஆறு சம பங்காக, இரண்டிரண்டு மாதமாகத்தான் பிரிக்க வேண்டும் என்ற ஒழுங்கு. வானிலைக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

சமமாகப் பிரிக்காத ஆறு பருவக் கணக்கும் உலகில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வட முனையில், நம்மைப் போலவே வெப்பமண்டலத்தில் உள்ள கக்காடு பகுதியின் பூர்வகுடிகளான பினிஞ்சு மக்களும் ஆறு பருவங்களைச் சொல்கிறார்கள். அதில் குட்ஜெவ் என்ற அடைமழைப் பருவம் சுமார் மூன்று மாதம், அடுத்து வரும் பங்கரெங் ஒரே மாதம். ஆளுயர ஈட்டிப்புல்லைக் கடைசிச் சூறைமழைகள் தரையோடு சாய்த்துப் போடும்போது பங்கரெங் வந்துவிட்டது என்று பொருள்; தேதி அடையாளம்தான் தருகிறது, ஆணை இடுவதில்லை. அதே நிலத்துக்கு வானிலைத் துறையின் கணக்கு ஈரக்காலம், உலர்காலம் என்று இரண்டே இரண்டுதான்.

கோடுகள் தவறும் இடத்தை அண்மைய ஆண்டுகளே காட்டின. 2023 டிசம்பரில் மார்கழி பிறந்த முதல் ஓரிரு நாட்களில் தென்மாவட்டங்களில் பேய்மழை கொட்டியது. டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. தாமிரபரணி கரை உடைத்து ஸ்ரீவைகுண்டத்தைச் சூழ்ந்தது, ரயில் ஒன்று பயணிகளோடு அந்த நிலையத்தில் சிக்கிக்கொண்டது. மரபின் கணக்கில் அது முன்பனி. வானிலைக் கணக்கு அங்கே தப்பித்தது, அதன் வடகிழக்குப் பருவம் டிசம்பர் 31 வரை நீள்வதால். ஆனால் 2021 ஜனவரியில் அதுவும் தவறியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை விலகியதாக அறிவிக்கப்பட்டது ஜனவரி 19 அன்று. பொங்கலை ஒட்டி டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் சாய்ந்து முளைத்தது. இருந்தும் ஜனவரி 1க்குப் பின் பெய்த மழை குளிர்கால மழை என்றே பதிவானது, முந்தைய ஆண்டின் பருவமழை மொத்தத்தில் சேரவில்லை.

பாக் நீரிணையைத் தாண்டினால் வானிலைக் கணக்கே வேறாகிவிடும். இலங்கை வானிலைத் திணைக்களம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவம் என்கிறது. இடையிலுள்ள அக்டோபர், நவம்பர் அங்கே இரண்டாம் இடைப்பருவம். நாகப்பட்டினத்தில் நவம்பரில் பெய்தால் வடகிழக்குப் பருவமழை, அதே மேகம் பருத்தித்துறையில் பெய்தால் இடைப்பருவ மழை. கடலுக்கு இருபுறமும் உள்ள விவசாயி ஐப்பசியில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரு கரைக்கும் பொதுவாக இருப்பது கூதிர் என்ற பழைய பெயரும், திசை மாறிவிட்ட காற்றும்.